தலைக்கட்டு வரியை ஒரே யுபிஐ-யில் வாங்கும்போது: யார் கட்டினார் என்பதைப் பைசா சொல்லட்டும்

ஊர்த் திருவிழாவுக்கு வரி போட்டு வசூலிக்கிற எல்லா ஊரிலும் இப்போது நிலைமை ஒன்றுதான். தலைக்கட்டில் பாதிப் பேர் திருப்பூர், கோவை, சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். நோட்டைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனால் பூட்டின கதவுதான் எதிரே நிற்கிறது. அதனால் விழாக் கமிட்டி வாட்ஸ்அப் குழுவில் ஒரு யுபிஐ ஐடியைப் போட்டு, "எல்லோரும் இதில் கட்டிவிடுங்கள்" என்கிறது. பணம் வரவும் செய்கிறது. ஆனால் பூச்சாட்டு முடிந்து காப்புக் கட்டு நெருங்கும்போது, வங்கிக் கணக்கில் 3,000, 3,000, 3,000 என்று வரிசையாக நிற்கும் நூறு வரவில் யாருடையது எது என்று தெரியாமல் பொருளாளர் ராத்தூக்கம் கெடுகிறது. இந்த வேலையில் மாட்டிக்கொண்ட எல்லோரும் பொருளாளர் ஆவதற்கு முன்பே தெரிந்திருக்கலாமே என்று நினைக்கிற விஷயங்களை இங்கே எழுதுகிறேன். கட்டின மனிதரிடமே போய் "அண்ணே, உங்க வரி வரலையே" என்று கேட்க நேர்ந்தால், அவர் முகம் மாறுவதைப் பார்க்கவே முடியாது. ஊரில் அந்த வருத்தம் அடுத்த திருவிழா வரைக்கும் இருக்கும்.

முதலில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். வரிப் பட்டியலில் இருப்பது ஊர்ப் பெயர்: "மேலத்தெரு கருப்பையா மகன் முருகேசன்". வங்கிப் பட்டியலில் வருவது பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அந்தக் கணக்கின் பெயர். முருகேசன் வரியை அவர் மனைவி கணக்கிலிருந்து கட்டியிருப்பார். பெரியவர் வரியைச் சென்னையில் இருக்கிற மருமகன் அனுப்பியிருப்பார். அந்த மருமகனின் பெயரை ஊரில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பெயரும் முழுசாக வருவதில்லை. பட்டியலில் விவரம் UPI/CR என்று தொடங்கும், அடுத்து 12 இலக்க எண், அதற்குப் பிறகு பெயரின் முதல் சில எழுத்துகளோடு வெட்டிவிடும் வங்கிகள் பல. "குறிப்பில் உங்கள் பெயரைப் போடுங்கள்" என்று கேட்டாலும் பத்தில் மூன்று நான்கு பேர்தான் போடுவார்கள். போட்டதும் பாதியில் அறுந்து வரும். ஆக பெயரையும் நம்ப முடியாது, குறிப்பையும் நம்ப முடியாது. எந்தச் செயலியில், எந்த வங்கியில் போனாலும் வெட்டுப்படாமல், மாறாமல் வந்து சேர்வது ஒன்றே ஒன்று: தொகை. அடையாளத்தைத் தொகைக்குள்ளேயே வைத்துவிட வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம்.

செய்வது இப்படி. ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் ஓர் எண் கொடுங்கள். வரியோடு அந்த எண்ணைப் பைசாவாகச் சேருங்கள். வரி 3,000 ரூபாய், தலைக்கட்டு எண் 47 என்றால் அவர் கட்ட வேண்டியது 3000.47. எண் 147 என்றால் 147 பைசா, அதாவது 3001.47. யுபிஐ-யில் இரண்டு தசம இடம் வரைக்கும் பைசா போகும். இருநூறு தலைக்கட்டு உள்ள ஊரில்கூட முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இரண்டு ரூபாய்தான் வித்தியாசம் என்பதால் "எனக்கு மட்டும் ஏன் கூட" என்ற பேச்சு எழாது. ரூபாயாகவே சேர்த்து 3,147 என்று வைத்தால் கட்டாயம் எழும். வரி என்பது ஊரில் எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டிய ஒன்று. அதில் கைவைக்காமல் இருப்பதுதான் நல்லது.

எண் கொடுப்பதில் இரண்டு பொறி இருக்கிறது. இரண்டும் பணம் வர ஆரம்பித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும், அப்போது எண்ணை மாற்ற முடியாது. ஒன்று, ஒற்றை இலக்க எண்கள். எண் 5 என்றால் தொகை 3000.05. செயலியில் தட்டுகிறவர் அந்தப் பூஜ்யத்தை விட்டுவிட்டு 3000.5 என்று போட்டால் அது 3000.50, அதாவது 50-ஆம் தலைக்கட்டின் வரி கட்டப்பட்டதாகக் கணக்காகிவிடும். அதனால் 1 முதல் 10 வரை யாருக்கும் கொடுக்காதீர்கள், 11-லிருந்து தொடங்குங்கள். நூறுக்கு மேல் போகும்போதும் இதே கதைதான்: 105 என்பது 3001.05, அது 3001.5 ஆகிவிட்டால் 150. ஆகவே 101 முதல் 110 வரை விட்டுவிடுங்கள். இரண்டாவது பொறி எண் 100. அதன் தொகை சரியாக 3001. நம் ஊர்களில் மொய்யாக இருந்தாலும் காணிக்கையாக இருந்தாலும் ஒரு ரூபாய் சேர்த்து வைப்பதுதான் வழக்கம். 3,000 வரி என்றால் 3,001 என்று மனசார அனுப்புகிற பெரியவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் எல்லோருடைய பணமும் 100-ஆம் எண்ணில் போய் விழும். அதையும் விட்டுவிட வேண்டும். இப்படி 11 முதல் 99 வரை 89 பேர், 111 முதல் 184 வரை 74 பேர், ஆக 163 தலைக்கட்டு. உதாரணத்துக்கு இந்த ஊரையே வைத்துக்கொள்வோம். இதில் தனியாக இருக்கும் கைம்பெண்கள் 12 பேருக்கு அரை வரி. அவர்களுக்கு 1,500-உடன் பைசா: எண் 62 என்றால் 1500.62. மொத்தம் வர வேண்டியது, பைசாவை விட்டுவிட்டால், 4,71,000 ரூபாய்.

எண் கொடுப்பதற்கு முன் ஊர்க் கூட்டத்தில் தலைக்கட்டுப் பட்டியலை வாசித்து முடித்துவிடுங்கள். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மகன் தனித் தலைக்கட்டா, அப்பாவோடு சேர்த்தியா என்பது கூட்டத்தில் தீர வேண்டிய விஷயம். வசூல் நடுவில் பட்டியலில் ஒருவரைச் செருகினால் கடைசி எண்ணுக்கு அடுத்ததைக் கொடுங்கள், நடுவில் இருக்கிற எண்களைத் தள்ளிப் போடாதீர்கள். ஒருமுறை கொடுத்த எண் அந்தக் குடும்பத்துக்கே நிரந்தரமாக இருந்தால் அடுத்தடுத்த வருஷம் வேலை பாதியாகக் குறையும்.

அடுத்தது கணக்கு. தலைவரின் சொந்த சம்பளக் கணக்கில் ஊர்ப் பணத்தை வாங்காதீர்கள். நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பேச்சில்லை. அவருடைய பெட்ரோல் செலவும், மகன் பள்ளிக் கட்டணமும், ஊர் வரியும் ஒரே பட்டியலில் கலந்தால் அந்தப் பட்டியலை யாருக்கும் காட்டவே முடியாது. பதிவு பெற்ற சங்கமாக இருந்தால் சங்கத்தின் பெயரில் பான் எடுத்துக் கணக்கு திறக்கலாம். பதிவு இல்லாத கமிட்டி என்றால் இருவர் பெயரில் ஒரு புதுச் சேமிப்புக் கணக்கைத் திறந்து, அதில் திருவிழாப் பணம் தவிர வேறு எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்ளலாம். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று திறந்த கூட்டுக் கணக்கில் யுபிஐ செயலியை இணைக்க முடியாது. இருவரில் யாரேனும் ஒருவர் இயக்கலாம் என்ற முறையில் திறந்தால்தான் இணையும். செயலி ஒருவர் போனில் இருக்கட்டும், பாஸ்புக்கும் இணைய வங்கிக் கடவுச்சொல்லும் இன்னொருவரிடம் இருக்கட்டும். கோயில் அறநிலையத் துறை நிர்வாகத்தில் இருக்கிறது என்றால் கோயில் பெயரைப் போட்டு வசூலிக்கும் முன் செயல் அலுவலரிடம் பேசிவிடுங்கள்.

பேமெண்ட் கேட்வே என்கிற வழியும் உண்டு. ஒரு பக்கம் உருவாக்கி, பெயர், தெரு, தலைக்கட்டு எண் எல்லாம் நிரப்பினால்தான் பணம் கட்ட முடியும் என்று வைக்கலாம். வசதிதான். ஆனால் சாதாரணமாக 2 சதவீதம் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று வைத்தால் நூற்றுக்கு 2.36 ரூபாய் போகிறது. நம் 4,71,000-க்கு அது சுமார் 11,116 ரூபாய். ஒரு நாள் அன்னதானத்துக்கான அரிசி, மளிகையின் ஒரு பெரும்பங்கு அதில் வந்துவிடும். பைசா முறையில் இந்தச் செலவு இல்லை.

ஐடியை அனுப்பும் விதத்திலும் பாடுபட வேண்டியிருக்கிறது. upi:// என்று தொடங்கும் இணைப்பை வாட்ஸ்அப்பில் போட்டால் அது தொட்டுத் திறக்கும் நீல எழுத்தாக மாறாது, வெறும் எழுத்தாகக் கிடக்கும். அதனால் க்யூஆர் படம் ஒன்று, யுபிஐ ஐடி மட்டும் தனிச் செய்தியாக ஒன்று, கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி-யும் ஒன்று என்று மூன்றாக அனுப்புங்கள். ஐடி தனிச் செய்தியாக இருந்தால்தான் அழுத்திப் பிடித்து நகலெடுக்க முடியும். அழைப்பிதழ் வாசகத்துக்கு நடுவில் புதைத்து வைத்தால் வயதானவர்கள் தடுமாறுவார்கள். க்யூஆர் படத்தை அதே போனில் கேலரியிலிருந்து எடுத்து ஸ்கேன் செய்யும்போது 2,000 ரூபாய்க்கு மேல் விடாமல் மறுக்கிற செயலிகள் உண்டு. "போக மாட்டேங்குது" என்று போன் வந்தால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். அவர்கள் ஐடியைத் தட்டி அனுப்பினால் போய்விடும். க்யூஆரை நீங்களே தயாரிப்பதாக இருந்தால் உள்ளே இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

```
upi://pay?pa=ungal-id@bank&pn=Vizha%20Kuzhu&cu=INR
```

இதில் am=3000 என்று தொகையையும் சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். தொகை முன்கூட்டியே இருந்தால் பெரும்பாலான செயலிகள் அதை மாற்ற விடாது, பைசாவைத் தட்ட இடமே இருக்காது, முறை முழுவதும் வீணாகிவிடும்.

பணம் கட்டுகிறவருக்குத் திரையில் தெரியப்போவது நீங்கள் வைத்த செல்லப் பெயர் இல்லை. 2025 ஜூன் 30 முதல் வங்கியில் பதிவான பெயரைத்தான் செயலிகள் காட்ட வேண்டும். ஆகவே "கட்டும்போது திரையில் இந்தப் பெயர் வரும், வேறு பெயர் வந்தால் கட்டாதீர்கள்" என்று அறிவிப்பிலேயே அந்தப் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதிவிடுங்கள். குழுவில் எவராவது வேறு க்யூஆரைப் போட்டு ஏமாற்றினாலும் மக்கள் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

அறிவிப்பை மொத்தமாக ஒன்று போடுவதோடு விடாமல், தலைக்கட்டு எண்ணையும் கட்ட வேண்டிய தொகையையும் ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்ப வேண்டும். "உங்கள் தலைக்கட்டு எண் 147. கட்ட வேண்டிய தொகை 3001.47. பைசாவை வைத்துத்தான் உங்கள் பெயரில் வரவு வைக்கிறோம், தயவுசெய்து மாற்றாமல் அனுப்புங்கள்." காரணத்தைச் சொன்னால் பெரும்பாலோர் சரியாக அனுப்புவார்கள். காரணம் சொல்லாமல் தொகையை மட்டும் சொன்னால் சில்லறை எதற்கு என்று 3,000 ஆக்கிவிடுவார்கள்.

இனி கணக்குத் தாள். கூகுள் ஷீட்டில் இரண்டு பக்கம் போதும். Vari என்ற பக்கத்தில் A-யில் எண், B-யில் பெயர், C-யில் தெரு, D-யில் போன், E-யில் வரி, F-யில் கட்ட வேண்டிய தொகை, G-யில் எத்தனை முறை வந்திருக்கிறது. Varavu என்ற பக்கத்தில் வங்கிப் பட்டியல்: A தேதி, B விவரம், C தொகை, D அந்த வரவுக்கு ஆள் இருக்கிறதா. E, F, G மூன்றும் கையால் பொருத்துகிற தலைக்கட்டு எண்களுக்குக் காலியாக இருக்கட்டும். நிரப்ப வேண்டிய சூத்திரம் மூன்றுதான், முறையே F, G, அப்புறம் Varavu பக்கத்தின் D:

```
=ROUND(E2+A2/100,2)
=COUNTIF(Varavu!C:C,F2)+COUNTIF(Varavu!E:G,A2)
=COUNTIF(Vari!F:F,C2)
```

ROUND-ஐ விட்டுவிடாதீர்கள். கணினி தசமக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத மிச்சத்தை வைத்துக்கொள்ளும், பார்க்க ஒன்றாக இருக்கிற இரண்டு 3001.47 ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகலாம். G-யில் 0 என்றால் வரவில்லை, 1 என்றால் வந்துவிட்டது, 2 என்றால் இரண்டு முறை கட்டியிருக்கிறார் அல்லது இன்னொருவர் எண்ணைத் தவறாகத் தட்டியிருக்கிறார். Varavu பக்கத்தின் D-யில் 0 என்று வருகிறவைதான் ஆள் தெரியாத வரவு. தினமும் ராத்திரி நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டியது இந்த இரண்டை மட்டும்தான்: G-யில் 2, D-யில் 0. மற்ற எல்லாம் தானே சேர்ந்துவிடும். நோட்டை வைத்துக்கொண்டு பெயர் பெயராகத் தேடினால் மணிக்கணக்கில் ஆகிற வேலை அரை மணியில் முடியும்.

வங்கிப் பட்டியலை இணைய வங்கியிலிருந்து எக்செல் அல்லது சிஎஸ்வி-யாக இறக்குங்கள். குறுஞ்செய்தியைப் பார்த்துத் தட்டி நிரப்ப வேண்டாம், ஒரு செய்தி வராமல் போனால் ஒரு குடும்பத்தின் வரி காணாமல் போகும். இறக்கிய தாளில் தொகை "3,001.47" என்று எழுத்தாக வந்திருந்தால் COUNTIF பொருத்தாது, எல்லோருக்கும் 0 காட்டும். எல்லாமே 0 என்றால் பதற வேண்டாம், காரணம் அநேகமாக இதுதான். கமாவை நீக்கி எண்ணாக மாற்றினால் சரியாகிவிடும். 12 இலக்கப் பரிவர்த்தனை எண் தனிப் பத்தியில் வந்தால் எக்செல் அதை 5.12E+11 போல் சுருக்கிக் காட்டும். அந்தப் பத்தியை எழுத்து வடிவமாக மாற்றிவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். தகராறு என்று வரும்போது உங்களுக்குக் கைகொடுப்பது அந்த எண்தான்.

என்னதான் சொன்னாலும் சிலர் 3,000 என்றே அனுப்புவார்கள். ஆனால் 163 பேருக்கு ஆள் தேடுவதும் பதினைந்து இருபது பேருக்குத் தேடுவதும் ஒன்றா? அந்தச் சிலருக்கு மட்டும் G-யில் 0 இருப்பவர்களைத் தெருப் பிரதிநிதி வழியாகக் கேளுங்கள். "கட்டினீர்களா" என்று கேட்காமல், "நீங்கள் கட்டியிருந்தால் அந்த 12 இலக்க எண்ணை அனுப்புங்கள், பெயரில் ஏற்றிவிடுகிறேன்" என்று கேளுங்கள். கேட்கிற விதத்தில்தான் மரியாதை இருக்கிறது. எண்ணை வாங்கி வரவில் தேடிப் பொருத்திய பிறகு, வங்கித் தொகையை அழிக்காமல் பக்கத்தில் E பத்தியில் தலைக்கட்டு எண்ணை எழுதுங்கள், Vari பக்கத்தின் G-யில் அவருக்கு 1 ஏறிவிடும். வங்கி சொன்ன தொகையை ஒருபோதும் திருத்தக் கூடாது. திருத்தினால் கடைசியில் இருப்போடு கூட்டல் ஒத்துவராது.

அண்ணன் ஒருவரே தம்பிகள் இருவருக்கும் சேர்த்து அனுப்புவதும் அடிக்கடி நடக்கும். எண்கள் 34, 35, 121 என்றால் வரவு 9001.90. ஆளில்லாத வரவாக நிற்கும். ஆனால் 9,000 போக மிச்சம் 190 பைசா, 34-ம் 35-ம் 121-ம் கூட்டினால் 190. அனுப்பினவர் பெயரை வைத்து ஊகித்ததைக் கூட்டல் உறுதி செய்துவிடும். அந்த மூன்று எண்ணையும் அதே வரியில் E, F, G-யில் ஒவ்வொன்றாக எழுதுங்கள். முடிந்தவரை மூன்று முறையாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டை வரவாக ஏற்றுக்கொள்ளாதீர்கள், அது யாருடையதாக இருந்தாலும். பொய் ஸ்கிரீன்ஷாட் தயாரிக்கும் செயலிகள் இருக்கின்றன, அது ஒரு பக்கம். நேர்மையாக அனுப்பினவருக்கே அவர் கணக்கில் பிடித்துவிட்டு நம் கணக்கில் ஏறாமல் பாதியில் நிற்பதும் உண்டு. அப்படி நின்ற பணத்தை, தனிநபர்களுக்கிடையிலான பரிமாற்றமாக இருந்தால், மறுநாளுக்குள் திருப்பிப் போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019-இல் வகுத்த விதி, தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆகவே அவரிடம் "உடனே இன்னொரு முறை போடாதீர்கள், இரண்டு நாள் பாருங்கள், திரும்பி வந்துவிட்டால் மறுபடி அனுப்புங்கள்" என்று சொன்னால் போதும்.

ரொக்கமாகத்தான் தருவேன் என்பவர்களை விட்டுவிட முடியாது. திண்ணையில் உட்கார்ந்து சுருக்குப்பையிலிருந்து எண்ணிக் கொடுக்கிற ஆத்தாவிடம் யுபிஐ பேச முடியுமா? ரொக்கத்துக்குத் தனி நோட்டு வைத்தால் கணக்கு இரண்டாகிவிடும். அதற்குப் பதில், வாங்குகிற தெருப் பிரதிநிதி ரசீது கொடுத்துவிட்டு, அதே இடத்தில் நின்று தன் போனிலிருந்து அந்தத் தலைக்கட்டின் தொகையைப் பைசாவோடு அனுப்பிவிட வேண்டும். பணம் போனது பிரதிநிதி கணக்கிலிருந்து, ஆனால் 3001.63 என்ற தொகை அது 163-ஆம் எண்ணின் வரி என்று சொல்லிவிடும். ரொக்கம் அவர் கையிலேயே இருக்கும், அவருக்கு நஷ்டமில்லை. பல வங்கிகளில் ஒரு நாளைக்கு 20 பரிவர்த்தனை அல்லது ஒரு லட்சம் என்ற வரம்பு இருக்கிறது. அதனால் ஒரே ஆள் ஒரே நாளில் முழுத் தெருவையும் முடிக்க நினைக்க வேண்டாம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதியாகக் கருதப்படாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்புவது அப்படி இல்லை, வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும். அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாத கமிட்டி அதை வாங்கக் கூடாது. அவர் நம் பழைய பங்காளியே ஆனாலும் கமிட்டிக் கணக்கின் விவரத்தை அவருக்கு அனுப்பாமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

வசூல் நிலவரத்தைக் குழுவில் போடும்போது வராதவர் பெயரைப் போடாதீர்கள், வந்த எண்களை மட்டும் போடுங்கள். "இன்று இரவு 9 மணி வரை வரவு வந்த எண்கள்: 11, 14, 15, 22..." தன் எண் இல்லாதவர் தானே பார்த்துக்கொள்வார். கட்டியும் தன் எண் காணாதவர் உங்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்புவார். மைக்கில் பாக்கிப் பெயரை வாசிப்பது பல ஊரில் பழக்கமாக இருக்கிறது, அதை விட்டுவிடும்படி மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பெயர் தவறாக இருந்தாலும் அந்தக் குடும்பம் கோயில் வாசலில் தலைகுனிந்து நிற்கும்.

நன்கொடையை வரியோடு கலக்காதீர்கள். 5,001, 10,001 என்று வருகிறவை ஆளில்லாத வரவில்தான் நிற்கும், அவற்றுக்கு Varavu பக்கத்திலேயே ஒரு பத்தி வைத்து நன்கொடை என்று குறித்துத் தனிக் கூட்டல் போடுங்கள். கணக்கு முடிப்பன்று வங்கி இருப்பு, செலவுச் சீட்டுகள், வரிக் கூட்டல், நன்கொடைக் கூட்டல் நான்கும் பைசாவோடு பொருந்த வேண்டும். திருவிழா முடிந்த பிறகும் தாமதமாக வரி வந்துகொண்டே இருக்கும் என்பதால் கணக்கை உடனே மூடிவிடாமல் ஒரு மாதம் திறந்து வையுங்கள். புதுக் கமிட்டியிடம் ஒப்படைக்கும்போது Vari பக்கத்தை எண் மாறாமல் கொடுங்கள். G பத்தியில் பழைய 0 உள்ள குடும்பங்களின் பாக்கியை அடுத்த வருஷ வரித் தொகையோடு கூட்டி ஒரே தொகையாகக் கேட்க வேண்டாம். பழைய வரி 3000.47-ஆகவே தனியாக வரட்டும், புது வரி தனியாக வரட்டும். அடுத்த வருஷம் வரியை மாற்றாமல் அதே 3,000 என்று வைத்தால் இரண்டும் ஒரே தொகையாகிவிடும், அப்போது தேதியைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். அதற்காகவே Varavu-வை ஒவ்வொரு வருஷமும் புதுத் தாளில் தொடங்குங்கள்.